ஒரு திருகைத் தளர்த்தினால் ஏழாயிரம் வோல்ட்

மின்சார வேலைக்கு வருகிற எவருக்கும் முதலில் கையில் படிகிற பழக்கம் ஒன்று உண்டு. கம்பியைப் பிரித்துவிட்டால் கரண்ட் நிற்கும், கரண்ட் நின்றால் பயமில்லை. சுவிட்ச், ஃபியூஸ், பிரேக்கர் எல்லாமே இந்த நம்பிக்கையில்தான் வேலை செய்கின்றன. இந்தப் பழக்கம் அப்படியே தலைகீழாகிப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஃபீடரில் மாட்டிய கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின், அதாவது சி.டி.யின், துணைச் சுருள் அது. அங்கே கம்பியைப் பிரிப்பதுதான் ஆபத்தைத் தொடங்கி வைக்கிறது. இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டி ஷார்ட் செய்வதுதான் பாதுகாப்பு.

இதை விதியாக மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர். காரணம் தெரிந்தவர்கள் குறைவு. காரணம் தெரியாத விதியை அவசரத்தில் மறந்துவிடுவோம். அதனால் ஒரே ஒரு சி.டி.யை எடுத்துக்கொண்டு, அதற்குள் என்ன நடக்கிறது என்று கணக்கோடு பார்ப்போம்.

110 கிலோவோல்ட் துணை மின்நிலையம் ஒன்றின் வெளிமுற்றத்தில், பீங்கான் உடலோடு நிற்கும் 1000/1 சி.டி. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வளையமாகச் சுற்றிய சிலிக்கான் எஃகுக் கோர். வளையத்தின் நடுவே லைன் மின்னோட்டத்தைச் சுமக்கும் கடத்தி ஒரே ஒரு முறை போகிறது. அதுதான் முதன்மைச் சுருள், அதற்கு ஒரே சுற்று. கோரின் மேல் மெல்லிய செம்புக் கம்பி 1000 சுற்று. அதுதான் துணைச் சுருள். அதன் இரு முனைகள், S1, S2 என்று குறித்தவை, கேபிள் வழியே கட்டுப்பாட்டு அறைக்குப் போய் ஒரு ரிலேயில் முடிகின்றன. லைனில் 600 ஆம்பியர் ஓடினால் ரிலேயில் 0.6 ஆம்பியர் ஓடும். சுருளின் சொந்த மின்தடை, கேபிள், ரிலே எல்லாம் சேர்த்து 10 ஓம் என்றால், அந்த 0.6 ஆம்பியரைத் தள்ள 6 வோல்ட் போதும். டார்ச் விளக்கு பேட்டரி அளவுதான்.

இந்த 6 வோல்ட்டைப் பிறப்பிக்கக் கோருக்குள் எவ்வளவு காந்தம் வேண்டும்? கோரின் குறுக்குவெட்டு 20 சதுர சென்டிமீட்டர் என்று எடுத்தால், சுமார் 0.014 டெஸ்லா. அந்த எஃகு 1.7 டெஸ்லா வரை சிரமமில்லாமல் தாங்கும். அதாவது சாதாரண வேலையில் கோர் கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

600 ஆம்பியர் ஊடே போகும்போது அது எப்படித் தூங்க முடிகிறது? துணைச் சுருள் அதை அனுமதிக்கவில்லை என்பதுதான் பதில். முதன்மையின் ஒரு சுற்றில் 600 ஆம்பியர் போனால், காந்தமாக்கும் விசை 600 ஆம்பியர்-சுற்று. துணையின் 1000 சுற்றில் 0.6 ஆம்பியர் போனால் அதுவும் 600 ஆம்பியர்-சுற்று, ஆனால் எதிர்த்திசையில். இரண்டும் ஏறக்குறைய முழுக்கக் கழிந்துபோய், மிஞ்சுவது இரண்டு மூன்று ஆம்பியர்-சுற்றுதான். அந்த மிச்சம்தான் கோரை அந்த மெல்லிய அளவுக்குக் காந்தமாக்குகிறது. துணைச் சுருளில் ஓடும் மின்னோட்டம் மீட்டருக்குச் செய்தி சொல்வதற்காக மட்டும் ஓடவில்லை. கோர் வெறிபிடிக்காமல் அதைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான்.

இப்போது ஒருவர் ரிலேயைக் கழற்றப் போய், S1 முனையின் திருகைத் தளர்த்திக் கம்பியை எடுத்துவிடுகிறார். துணையில் ஓட வழியில்லை. 0.6 ஆம்பியர் பூஜ்யமாகிறது. முதன்மையின் 600 ஆம்பியர் என்ன ஆகும்?

இங்கேதான் வீட்டு டிரான்ஸ்ஃபார்மரை வைத்து யோசிப்பவர்கள் வழி தவறுகிறார்கள். தெருவில் நிற்கும் விநியோக டிரான்ஸ்ஃபார்மரின் துணைப்பக்கத்தைத் திறந்தால், முதன்மையின் மின்னோட்டமும் தானாகக் குறைந்துவிடும். அங்கே முதன்மைக்குக் கொடுக்கப்படுவது ஒரு நிலையான மின்னழுத்தம். எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பதை லோடு முடிவு செய்கிறது. சி.டி.யின் முதன்மை அப்படியில்லை. அது லைனோடு தொடராக நிற்கும் ஒரு சிறு துண்டுக் கடத்தி. அதில் 600 ஆம்பியர் ஓடுவதை முடிவு செய்வது, லைனின் மறுமுனையில் இருக்கும் ஆலைகளும் ஊர்களும். சி.டி.யின் துணையில் என்ன நடந்தாலும் அந்த ஆலைகளுக்குத் தெரியப்போவதில்லை. துணையில் 7000 வோல்ட் பிறந்தால்கூட, ஒரே சுற்றுள்ள முதன்மையில் அது 7 வோல்ட் குறைவாகத்தான் தெரியும். லைனின் ஒரு ஃபேஸில் இருப்பது 63,500 வோல்ட். அதில் 7 வோல்ட் போனால் யார் கவனிப்பார்கள்? ஆக, 600 ஆம்பியர் இம்மியும் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

எதிர்க்க ஆளில்லாததால், அந்த 600 ஆம்பியர்-சுற்று முழுவதும் இப்போது கோரைக் காந்தமாக்கும் வேலைக்கு வந்துவிடுகிறது. மாறுமின்னோட்டம் என்பதால் அதன் உச்சம் 850. இந்தக் கோரைத் தெவிட்டும் நிலைக்குக் கொண்டுபோக நூறு ஆம்பியர்-சுற்று இருந்தாலே போதும். தேவைக்கு எட்டு மடங்கு விசை வந்து விழுகிறது.

பலர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பதுண்டு, நியாயமான கேள்விதான். கோர் தெவிட்டிவிட்டால் காந்தப் பாயம் அதற்கு மேல் ஏறாதே, பிறகு மின்னழுத்தம் எங்கிருந்து வரும்? தெவிட்டுவது நல்லதுதானே? பாதி சரி. மின்னழுத்தத்தைப் பிறப்பிப்பது பாயத்தின் அளவல்ல, அது மாறும் வேகம். தெவிட்டிய நிலையில் பாயம் மாறாமல் நிற்கிறது, அந்த நேரத்தில் துணைச் சுருளில் அநேகமாக மின்னழுத்தமே இல்லை. ஆனால் மின்னோட்டம் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் பூஜ்யத்தைக் கடந்து திசை மாறுகிறதே! அப்போது கோர் ஒரு திசையில் முழுக்கத் தெவிட்டிய நிலையிலிருந்து எதிர்த்திசையில் முழுக்கத் தெவிட்டிய நிலைக்குப் புரள வேண்டும். அந்தப் புரட்டல் மொத்தமும் ஒரு நொடிப்பொழுதின் சிறு துணுக்குக்குள் நடந்து முடிகிறது.

எவ்வளவு சிறு துணுக்கு? 850 ஆம்பியர் உச்சமுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம், பூஜ்யத்தைக் கடக்கும்போது மில்லி நொடிக்குச் சுமார் 267 ஆம்பியர் வேகத்தில் ஓடுகிறது. கோர் புரள்வதற்கு அது கழித்தல் 100 முதல் கூட்டல் 100 வரை, 200 ஆம்பியரைத் தாண்டினால் போதும். முக்கால் மில்லி நொடியில் முடிந்துவிடும். எஃகுத் தகடுகளுக்குள் எழும் சுழல் மின்னோட்டம் புரட்டலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் என்பதால், தாராளமாக ஒரு முழு மில்லி நொடி என்று வைப்போம். அதற்குள் கோரின் பாய அடர்த்தி கழித்தல் 1.7 டெஸ்லாவிலிருந்து கூட்டல் 1.7க்கு, 3.4 டெஸ்லா மாறுகிறது. இதைக் குறுக்குவெட்டால் பெருக்கி, 1000 சுற்றால் பெருக்கி, நேரத்தால் வகுத்தால்:

V = 1000 × 0.002 × 3.4 ÷ 0.001 = 6800

ஆறாயிரத்து எண்ணூறு வோல்ட். அதுவும் அந்த ஒரு மில்லி நொடியின் சராசரிதான். அலையின் நுனி இதற்கும் மேலே போகும். பத்து மில்லி நொடிக்கு ஒரு முறை, ஒரு தரம் மேலே, மறு தரம் கீழே, ஊசி ஊசியாக எழுந்துகொண்டே இருக்கும். ஒரு நிமிடம் முன்பு 6 வோல்ட் இருந்த அதே இரண்டு முனைகள். லைனில் மின்னோட்டம் கூடினால் புரட்டல் இன்னும் வேகமாகும், ஊசி இன்னும் உயரும்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு, அதை நான் அவசியம் சொல்ல வேண்டும். யாராவது இந்தத் திறந்த முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் என்ன காட்டும்? சாதாரண மீட்டர் அலையின் சராசரியை அளந்து, அதை 1.11ஆல் பெருக்கிக் காட்டும் வகை. அரைச் சுழற்சியின் 10 மில்லி நொடியில் 9 மில்லி நொடி மின்னழுத்தம் இல்லாமலே போகிறது. ஆகவே சராசரி 680 வோல்ட், மீட்டரில் தெரிவது 755. லைன் மின்னோட்டம் இரட்டிப்பானாலும் கோர் புரளும் மொத்த அளவு ஏறக்குறைய அதேதான் என்பதால், மீட்டரில் எண் பெரிதாக மாறாது. உச்சம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். 755 என்று படித்துவிட்டு, 1000 வோல்ட் தாங்கும் மீட்டர் கையில் இருக்கிறதே என்று நினைப்பவர், உண்மையில் அந்த மீட்டரின் காப்பு உடையும் இடத்தில் விரல் வைத்திருக்கிறார். தெரியாமல்கூட இந்த அளவீட்டைச் செய்யக்கூடாது.

முனைப் பலகையில் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது தீப்பொறி. சாதாரண 230 வோல்ட் கம்பியைப் பிரித்தால் ஒரு பொறி பறந்து அணைந்துவிடும். சி.டி. கம்பியைப் பிரித்தால் அணைவதில்லை. கம்பி நுனி திருகை விட்டு ஒரு முடியளவு விலகியதும், 0.6 ஆம்பியருக்கு வழி வேண்டும் என்று மின்னழுத்தம் எழுந்து அந்த இடைவெளியை உடைத்துக்கொண்டு ஓடும். இன்னும் இழுத்தால், ஏற்கெனவே சூடேறி அயனியாகிப்போன காற்றிலேயே வில் நீண்டுகொண்டு வரும். ஊதாவும் மஞ்சளும் கலந்த சிறு சுடர், சரசரவென்ற ஓசையோடு. பயந்து கையை உதறினால் நுனி எங்கே போய்த் தொடும் என்று சொல்ல முடியாது. கருகிய பேக்கலைட்டின் நாற்றம் முதலில் வரும், பிறகு முனைகளுக்கு நடுவே கரிக்கோடு படியும். அந்தக் கரியே அடுத்த முறை மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும்.

ஒரு தொழிற்சாலையில் வயர்மேன் ஒருவர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. “சார், நான் மீட்டர் மாத்தும்போது எத்தனையோ தடவை சி.டி. வயரைக் கழட்டியிருக்கேன். ஒண்ணுமே ஆனதில்ல. நீங்க சும்மா பயமுறுத்துறீங்க.” அவர் பொய் சொல்லவில்லை. அவர் கழற்றியவை எல்லாம் 200/5 சி.டி.கள். அதன் துணைச் சுருளில் 40 சுற்றுதான். கோரின் குறுக்குவெட்டு 4 சதுர சென்டிமீட்டர் அளவு. மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் ஐம்பத்து நான்கு வோல்ட்தான் வருகிறது, உச்சம் நூறை ஒட்டிப் போகலாம். லேசான பொறி, கொஞ்சம் ரீங்காரம், அவ்வளவுதான்.

அதே தொழிற்சாலையின் முதன்மை போர்டில் 1600/1 சி.டி. இருந்தது. அதுவும் 415 வோல்ட் போர்டுதான், பார்வைக்கு வித்தியாசமே தெரியாத கறுப்பு வளையம். ஆனால் 1600 சுற்று. குறுக்குவெட்டு 8 சதுர சென்டிமீட்டர் என்றால் 4300 வோல்ட்டைத் தாண்டுகிறது. இந்த வேறுபாட்டைத்தான் அவருக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். லைன் எத்தனை வோல்ட் என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சுற்றுகளின் எண்ணிக்கை, கோரின் பருமன், ஓடும் மின்னோட்டம், இவை மூன்றும்தான் முடிவு செய்கின்றன. ‘லோ டென்ஷன்தானே’ என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை. 1600/5 ஆக இருந்தால் சுற்று 320தான், மின்னழுத்தமும் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு ஆம்பியர் துணையுள்ள சி.டி.யைக் கண்டால் கூடுதல் மரியாதை தர வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. பாதுகாப்பு ரிலேக்களுக்கான கோர், பழுதின் பெரு மின்னோட்டத்திலும் தெவிட்டக்கூடாது என்று வேண்டுமென்றே பருமனாகச் செய்யப்படுவது. திறந்துவிட்டால் அதிகம் சீறுவதும் அதுதான்.

இத்தனை வோல்ட்டை அந்தச் சுருளின் காப்பு தாங்குமா? சி.டி.க்கான சர்வதேசத் தரம் IEC 61869-2 ஒரு சோதனை வைத்திருக்கிறது. துணையைத் திறந்து வைத்து, முதன்மையில் முழு மின்னோட்டத்தை ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். ஆனால் துணையில் உச்சம் 4.5 கிலோவோல்ட்டை எட்டிவிட்டால், மின்னோட்டத்தை அதற்கு மேல் ஏற்றாமல் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே உள்ள காப்பைப் பார்க்கத்தான் இது, திறந்த நிலையில் சி.டி. வேலை செய்யலாம் என்று சான்று தருவதற்கு அல்ல என்பதையும் அதே தரம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. நம் 1000/1 சி.டி. அந்த 4.5 கிலோவோல்ட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தோம். கூடவே சூடும் ஏறும். ஒவ்வொரு சுழற்சியிலும் முழுக்க இங்கும் அங்கும் புரளும் எஃகு கொதிக்கும், அந்தச் சூடு காப்பைத் தின்னும்.

யாரும் கைவைக்காமலே சி.டி. திறந்துகொள்வதும் உண்டு. முனைத் திருகு அதிர்வில் தளரலாம், லக் சரியாக அழுத்தப்படாமல் இருக்கலாம். நான் அதிகம் கவலைப்படுவது புதிய நிலையத்தை முதல் முறை இயக்கும் நாளைத்தான். ஒரு சி.டி. உடலுக்குள் நான்கு ஐந்து கோர்கள் இருக்கும், எல்லாமும் பயன்படாது. பயன்படாத கோரின் முனைகளை ஷார்ட் செய்து எர்த் செய்ய மறந்துவிட்டால், லைனில் லோடு ஏறிய உடனே அது திறந்த சி.டி.தான்.

பயன்பாட்டில் உள்ள கோர் திறந்துகொண்டால் ரிலேயின் திரை காட்டிக்கொடுக்கும். ஆர், ஒய் இரண்டிலும் 0.6 ஆம்பியர், பி ஃபேஸில் பூஜ்யம். லைனில் மூன்றும் சமமாக ஓடும்போது இப்படித் தெரிந்தால் சந்தேகம் வர வேண்டும். மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று கழித்துக்கொள்ள வேண்டிய நியூட்ரல் கம்பியில் 0.6 ஆம்பியர் ஓடும், அதைப் பார்த்து எர்த் ஃபால்ட் ரிலே லைனையே ட்ரிப் செய்துவிடலாம். அப்படி ட்ரிப் ஆனால் சி.டி.க்கு அது நல்லகாலம்.

வழக்கமில்லாத ரீங்காரம் கேட்டாலோ, நாற்றம் வந்தாலோ, சி.டி. திறந்திருக்கிறது என்று புரிந்தாலோ, ஓடிப்போய் ஷார்ட் செய்யக் கூடாது. மனம் அதைத்தான் சொல்லும். ஆனால் அந்த முனைகளுக்கு அருகில் கையைக் கொண்டுபோகும் நேரம் அதுவல்ல. தூரத்திலிருந்து பிரேக்கரைத் திறந்து லைன் மின்னோட்டத்தை நிறுத்த வேண்டும். முதன்மையில் மின்னோட்டம் இல்லை என்றால் துணையில் எதுவும் இல்லை.

திட்டமிட்டு ரிலேயையோ மீட்டரையோ மாற்றுவதாக இருந்தால், ஷட்டவுன் எடுப்பதே சிறந்தது. எடுக்க முடியாத இடங்களுக்காகத்தான் முனைப் பலகையில் நகரும் இணைப்புத் தகடுகளும், மீட்டர் பெட்டியில் டெஸ்ட் டெர்மினல் பிளாக்கும் வைத்திருக்கிறார்கள். முதலில் சி.டி. பக்கத்திலேயே S1, S2 இரண்டையும் திருகால் இறுக்கும் இணைப்பால் ஷார்ட் செய்ய வேண்டும். முதலைவாய் கிளிப் வேண்டாம், நழுவினால் கதை முடிந்தது. அடுத்து கிளாம்ப் மீட்டரால் பார்க்க வேண்டும். இணைப்பில் 0.6 ஆம்பியர் ஓடுகிறதா, ரிலேக்குப் போகும் கம்பியில் பூஜ்யத்தை ஒட்டிக் குறைந்துவிட்டதா? பலகையில் தப்பான வரிசையில் ஷார்ட் செய்துவிட்டு, சரியாகச் செய்துவிட்டோம் என்று நம்புவதுதான் பெரும்பாலும் நடக்கிற தவறு. அதைக் காட்டிக்கொடுப்பது இந்தக் கிளாம்ப் மீட்டர்தான். எண்ணைப் பார்த்த பிறகே ரிலே பக்கத் திருகில் கைவைக்கலாம். வேலை முடிந்ததும் ரிலேயை முதலில் இணைத்து, கடைசியில் ஷார்ட்டை எடுக்க வேண்டும். இதே காரணத்தால்தான் சி.டி. சுற்றில் ஃபியூஸ் போடுவதில்லை. ஃபியூஸ் எரிவது என்றால் சுற்று திறந்துகொள்வதுதானே.

திறந்து கிடந்த சி.டி.யை மீண்டும் இணைத்து, மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்று திருப்தியடைவதும் போதாது. மின்னோட்டம் நின்றபோது கோர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தக் காந்தத்தில் பெரும்பங்கு எஃகில் தங்கிவிடும். அன்றாட லோடில் அது பெரிதாக வெளியே தெரியாது. லைனில் பழுது வந்து மின்னோட்டம் பல மடங்காகப் பாயும் அன்று, ஏற்கெனவே ஒரு பக்கம் நிறைந்த கோர் சீக்கிரமே தெவிட்டி, ரிலேக்குக் குறைந்த மின்னோட்டத்தையே அனுப்பும். ரிலே தாமதமாகலாம். அதனால் லைனை நிறுத்தி, துணைச் சுருளில் மாறுமின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றி, கோர் தெவிட்டத் தொடங்கும் வளைவுப் புள்ளியைத் தாண்டவிட்டு, பிறகு அதே மெதுவோடு பூஜ்யம் வரை இறக்க வேண்டும். எஞ்சிய காந்தம் கரைந்துவிடும். அதன்பின் மெகரால் காப்பைப் பார்த்து, காந்தமாக்கும் மின்னோட்டத்தின் வளைவைப் புள்ளி புள்ளியாக எடுத்து, முதல் நாள் எடுத்து வைத்த வளைவோடு ஒப்பிட வேண்டும். அன்று 10 மில்லியாம்பியர் இழுத்த அதே மின்னழுத்தத்தில் இன்று அது பல மடங்கு இழுத்தால், உள்ளே சுற்றுக்குச் சுற்று காப்பு உடைந்துவிட்டது. அந்தக் கோரை இனி நம்ப முடியாது, சி.டி.யை மாற்றத்தான் வேண்டும்.